பாட்டு நடுவுல நின்னு "வேற டிவைஸ்ல ஓடுது"ன்னு வருது, ஏன்?

"கோத்தகிரியில இருந்து எழுதுறேன். ஸ்பாடிஃபை பிரீமியம், ஒரு ஆளுக்கான பிளான் தான். பாஸ்வேர்ட் யாருக்கும் கொடுத்ததில்ல. காலையில வாக்கிங் போறப்ப தினமும் பாட்டு டக்குனு நின்னு, வேற டிவைஸ்ல ஓடுதுன்னு வருது. திரும்ப பிளே அழுத்தினா ஓடுது, கொஞ்ச நேரத்துல மறுபடி நிக்குது. யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா? இல்ல நம்ம ஊர் நெட்வொர்க் தான் காரணமா?"

நெட்வொர்க் இல்லங்க, அதை முதல்லயே தள்ளி வெச்சிடலாம். சிக்னல் போய் பாட்டு நின்னா அது நிக்கிற விதமே வேற. வட்டம் சுத்தும், பாட்டு திணறும், அப்புறம் நிக்கும். வேற டிவைஸ்ல ஓடுதுன்னு பேர் சொல்லி ஒரு மெசேஜ் வருதுன்னா, உங்க போன் சர்வரோட நல்லா பேசிட்டு இருக்குன்னு அர்த்தம், சர்வர் தான் அந்த சேதியை சொல்லியிருக்கு. ஹேக்கான்னு கேட்டா, இருக்கலாம், ஆனா நீங்க எழுதினதுல ரெண்டு விஷயம் வேற பக்கம் கை காட்டுது. ஒண்ணு, தினமும் காலையில. இன்னொண்ணு, நீங்க பிளே பண்ணின கொஞ்ச நேரத்துல ஏதோ ஒண்ணு பாட்டைத் திரும்ப பிடுங்குது. உங்க அக்கவுண்ட்ல லாகின் ஆன இன்னொரு பொருள் எங்கேயோ இருக்கு, அதுக்குப் பக்கத்துல ஒரு ஆளோ ஒரு அலாரமோ இருக்கு, எனக்கு அப்படித்தான் தோணுது. நான் பதினோரு வருஷம் ஒரு ஸ்ட்ரீமிங் கம்பெனியில இந்த பிளேபேக் செஷன், அதாவது எந்த அக்கவுண்ட் எந்த டிவைஸ்ல பாடிட்டு இருக்குன்னு கணக்கு வெச்சுக்கிற பக்கம்தான் வேலை பார்த்தேன், இப்போ குன்னூர்ல வீட்ல இருந்தே அதே மாதிரி வேலை. அதனால உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், அது புரிஞ்சா யார் பிடுங்குறாங்கன்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

நீங்க பிளே அழுத்தினதும் போன்ல இருந்து ரெண்டு வேலை தனித்தனியா கிளம்புது. ஒண்ணு, பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு வர்றது, அது பக்கத்துல எங்கேயாவது இருக்கிற சேமிப்பு சர்வர்ல இருந்து வரும். இன்னொண்ணு, "இந்த அக்கவுண்ட், இந்த டிவைஸ், இப்போ பாட ஆரம்பிச்சிருக்கேன்"னு கம்பெனியோட கணக்கு சர்வருக்கு ஒரு தகவல். அந்த சர்வர்ல ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும், இப்போ பாடிட்டு இருக்கிற டிவைஸ் எதுன்னு ஒரு குறிப்பு இருக்கும். பஸ்ல ஜன்னல் சீட்ல துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்த மாதிரி. ஒரு ஆள் பிளான்ல ஒரே ஒரு சீட்டு. நீங்க பிளே அழுத்தினா உங்க போனோட துண்டு அதுல விழுது. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு டிவைஸ் பிளே அழுத்தினா, சர்வர் உங்க துண்டை எடுத்துட்டு அதோட துண்டை போட்டுடும், அதோட உங்க போனுக்கு "நிறுத்திக்கோ, இன்னார் பாடுறாங்க"ன்னு சொல்லி அனுப்பிடும். பாட்டு ஓடுற வரைக்கும் ஆப் சர்வரோட ஒரு லைனை திறந்தே வெச்சிருக்கு, அதனால அந்த சேதி ஒண்ணு ரெண்டு செகண்ட்ல வந்து சேர்ந்துடும். நீங்க பார்க்கிற மெசேஜ் அதுதான்.

இங்க பாட்டு சர்வீஸும் சினிமா சர்வீஸும் நேர் எதிரா நடந்துக்கும், நிறைய பேர் குழம்புறது இதுல தான். நெட்ஃபிளிக்ஸ் மாதிரி வீடியோவுல ஸ்டாண்டர்டு பிளான்னா ஒரே நேரத்துல ரெண்டு, பிரீமியம்னா நாலு. இருக்கிற சீட்டு எல்லாம் நிறைஞ்சிடுச்சுன்னா கடைசியா வந்தவர் தான் வெளிய நிக்கணும், ஏற்கனவே பார்த்துட்டு இருக்கிறவரை எழுப்ப மாட்டாங்க. பாட்டுல கடைசியா வந்தவருக்குத் தான் சீட்டு, உட்கார்ந்திருந்தவர் எந்திரிக்கணும். காரணம் ரொம்ப சாதாரணமானது. பாட்டு கேக்குற ஒரே ஆள் போன்ல ஆரம்பிச்சு, லேப்டாப்புக்கு மாறி, அப்புறம் கார்ல கேப்பாரு. அவர் போற இடத்துக்கெல்லாம் சீட்டும் கூடவே போகணும். போன் ரூம்ல கிடந்து பாடிட்டு இருக்கு, நீங்க ஹால்ல லேப்டாப்ல பிளே அழுத்துறீங்க, அப்போ "முடியாது, போய் போனை நிறுத்திட்டு வாங்க"ன்னு சொன்னா யாருக்குமே பிடிக்காது. அதனால தான் பாட்டுல பிடுங்குற முறை. அதோட இன்னொரு பக்கம் தான் இப்போ உங்க காலை வாக்கிங்கை கெடுக்குது.

இதுல எண்ணுறது லாகினை இல்ல, அந்த நேரத்துல பாடிட்டு இருக்கிறதை மட்டும் தான். பத்து டிவைஸ்ல லாகின் ஆகி சும்மா கிடந்தாலும் ஒரு தொந்தரவும் கிடையாது. அதே மாதிரி வைஃபையையும் எண்ணுறதில்ல. ஒரே வீட்ல ஒரே ரவுட்டர்ல ஆறு பேர் ஆறு அக்கவுண்ட்ல கேட்டா ஆறும் ஓடும், ஆறு ஊர்ல இருந்து ஒரே அக்கவுண்ட்ல கேட்டா ஒண்ணு தான் ஓடும். ஃபேமிலி பிளான் போட்டும் இந்த மெசேஜ் வருதுன்னு எங்கிட்ட வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இந்த ஒரே தப்பு தான் பண்ணியிருந்தாங்க. அப்பா ஃபேமிலி பிளானுக்குப் பணம் கட்டிட்டு, தன்னோட மெயிலையும் பாஸ்வேர்டையும் பொண்ணுக்கும் பையனுக்கும் கொடுத்துடுவாரு. ஆப்பிள் மியூசிக் ஃபேமிலி மாதிரி பிளான்ல ஆறு பேருக்கு ஆறு தனி சீட்டு, ஆனா அந்த சீட்டு ஒவ்வொருத்தரும் தன்னோட அக்கவுண்ட்ல இருந்து அழைப்பை ஏத்துக்கிட்டா தான் உண்டு. மூணு பேரும் அப்பா அக்கவுண்ட்ல உட்கார்ந்தா மூணு பேருக்கும் சேர்த்து அப்பாவோட ஒரே சீட்டு, மீதி அஞ்சும் காலியா கிடக்கும், மாசா மாசம் பணம் மட்டும் போகும்.

சரி, நெட்வொர்க் காரணம் இல்லன்னு சொன்னேன், ஆனா நெட்வொர்க் மேல பழி ஏன் விழுதுன்னும் சொல்லணும், நம்ம மலை ரோட்டுல இது அடிக்கடி நடக்கிறது. நீங்க மேட்டுப்பாளையம் இறங்குறீங்க, பாட்டு ஓடிட்டே இருக்கு, ஒரு வளைவுல சிக்னல் போகுது. ஆனாலும் பாட்டு நிக்காது, ஏன்னா கொஞ்ச தூரத்துக்கு வேணுங்கிற பாட்டை போன் முன்னாடியே எடுத்து வெச்சிருக்கும். அந்த நேரத்துல வீட்ல டேப்லெட்ல யாரோ உங்க அக்கவுண்ட்ல பிளே அழுத்தினா சர்வர் சீட்டை டேப்லெட்டுக்கு மாத்திடும், உங்க போனுக்கு சேதி அனுப்பும், ஆனா போன் தான் அங்க இல்லையே. நாலு வளைவு தாண்டி சிக்னல் வந்ததும் அந்த சேதி வந்து விழும், பாட்டு நிக்கும். உங்களுக்கு எப்படித் தோணும்? சிக்னல் வந்ததும் நின்னுச்சு, அப்போ சிக்னல் தான் ஏதோ பண்ணுதுன்னு. உண்மையில சீட்டு மாறி அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். அதனால மெசேஜ் வந்த நேரமும் எதிராளி பிளே பண்ணின நேரமும் எப்பவும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, கண்டுபிடிக்கிறப்ப இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இதே மாதிரி பேய் செஷன்னு ஒண்ணு உண்டு, எங்க டீம்ல அப்படித்தான் சொல்வோம். பாடிட்டு இருக்கிற டிவைஸ் "நான் இருக்கேன், இருக்கேன்"னு சர்வருக்கு அப்பப்போ ஒரு துடிப்பு அனுப்பிட்டே இருக்கும். உதாரணத்துக்கு முப்பது செகண்டுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. கரண்ட் போய் டிவி அப்படியே அணைஞ்சா, நிறுத்திட்டேன்னு சொல்ல அதுக்கு நேரம் கிடைக்காது, துடிப்பு மட்டும் வராம போகும். ரெண்டு மூணு துடிப்பு தவறின பிறகு தான் சர்வர் அந்த துண்டை எடுக்கும், ஏன்னா ஒண்ணு தவறினதுமே எடுத்தா சிக்னல் லேசா ஆடுறவங்க எல்லாருக்கும் படம் பாதியில அறுந்துடும். வீடியோவுல இந்தப் பேய் கொஞ்ச நேரம் சீட்டை அடைச்சு வெச்சிருக்கும், யாருமே பார்க்காத நேரத்துல கூட லிமிட் தாண்டிருச்சுன்னு வரும், கொஞ்சம் பொறுத்தா சரியாயிடும். பாட்டுல பேயால தொந்தரவு பெருசா இல்ல, அது தான் புதுசா வர்றவருக்கு சீட்டைக் கொடுத்துடுமே. அதனால உங்களோடது பேய் இல்லன்னு தைரியமா சொல்லலாம். செத்துப் போன செஷனால திரும்பத் திரும்ப வந்து சீட்டைப் பிடுங்க முடியாது. உங்களுக்கு எதிர்ல இருக்கிறது உயிரோட இருக்கிற ஒரு டிவைஸ்.

உங்க கேள்வியைப் படிச்சதும் எனக்கு இங்க குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் இருக்கிற ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு கதை தான் ஞாபகம் வந்துச்சு. அவருக்கும் காலையில தான். ஆறே கால் மணிக்கு காபி போட்டுட்டு பழைய பாட்டு போடுவாரு, சில நிமிஷத்துல நிக்கும், மறுபடி அழுத்துவாரு, மறுபடி நிக்கும். அக்கவுண்டை யாரோ திருடிட்டாங்கன்னு முடிவு பண்ணி ரெண்டு தடவை பாஸ்வேர்ட் மாத்திட்டாரு, அப்பவும் தொல்லை தீரல. என்னைக் கூப்பிட்டாரு, நான் போய் அந்த நேரத்துக்கு பக்கத்துல உட்கார்ந்தேன். நின்னதும் அவர் வழக்கம் போல பிளே அழுத்தப் போனாரு, கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். பாட்டு ஸ்கிரீன்ல கீழே டிவைஸ் ஐகான் ஒண்ணு இருக்கும், அதுல எந்த டிவைஸ் பாடுதுன்னு பச்சையில பேர் வரும். "கிச்சன்"னு வந்துச்சு. அவர் கிச்சன்ல மிக்ஸியைத் தவிர சத்தம் போடுற பொருள் எதுவுமே கிடையாது.

யோசிச்சு யோசிச்சு பார்த்தப்ப, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கி, பிடிக்காம, காரமடையில இருக்கிற தங்கச்சி பொண்ணுக்குக் கொடுத்தது ஞாபகம் வந்துச்சு. அந்தப் பொண்ணு அதை வைஃபைல மட்டும் புதுசா சேர்த்திருக்கா, ஸ்பீக்கர் இன்னும் மாமா பேர்லயே பதிவாகி இருக்கு, மாமாவோட பாட்டு அக்கவுண்டும் அப்படியே அதுல ஒட்டிட்டு இருக்கு. பசங்களை எழுப்ப ஆறு இருபதுக்கு பாட்டு அலாரம் வெச்சிருக்கா. அலாரம் அடிச்சதும் மாமாவோட போன் நிக்கும். மாமா பிளே அழுத்தினா அங்க ஸ்பீக்கர் நிக்கும். "என்னடா இது, தினமும் கெட்டுப் போகுது"ன்னு அவ ஸ்பீக்கரைப் பார்த்து மறுபடி பாடச் சொல்லுவா, இங்க மறுபடி நிக்கும். ரெண்டு பேரும் மாசக்கணக்கா ஒருத்தர் சீட்டை ஒருத்தர் பிடுங்கிட்டு இருந்திருக்காங்க, ரெண்டு பேருக்கும் தெரியல. அவ ஒரு படி மேல போய் ஸ்பீக்கர் ரிப்பேர்னு கடைக்கே கொண்டு போயிருக்கா.

பாஸ்வேர்ட் மாத்தியும் ஏன் போகலைன்னா, ஸ்பீக்கர் மாதிரி பொருள்கிட்ட உங்க பாஸ்வேர்டே கிடையாது. முதல் தடவை இணைக்கிறப்ப நீங்க சரின்னு சொன்னதுக்கு அடையாளமா டோக்கன்னு ஒரு பாஸை சர்வர் அதுகிட்ட கொடுக்கும், அப்புறம் எப்பவும் அதைக் காட்டித்தான் உள்ள வரும். பாஸ் எடுத்தவர் தினமும் டிக்கெட் வாங்காம பஸ் ஏறுற மாதிரி. பாஸ்வேர்ட் மாறினா எல்லா டோக்கனும் தானா செத்துடும்னு நம்பக்கூடாது, அதைத் தனியா ரத்து பண்ணணும். வாத்தியாருக்கு நாங்க ரெண்டு காரியம் பண்ணினோம். பாட்டு அக்கவுண்ட் பக்கத்துல போய் அந்த ஸ்பீக்கர் இணைப்பை எடுத்தோம், ஸ்பீக்கர் கம்பெனியோட ஆப்ல அவர் பேர்ல இருந்த பதிவையும் நீக்கினோம். ரெண்டுல முதலாவதை மட்டும் பண்ணியிருந்தா பாட்டைப் பிடுங்குற தொல்லை தீர்ந்திருக்கும், ஆனா ஸ்பீக்கர் இன்னும் அவர் பேர்லயே கிடந்து, அவரோட ஷாப்பிங் லிஸ்ட் வரைக்கும் காரமடை சமையலறையில கேட்டுட்டு இருக்கும். இப்போ அந்தப் பொண்ணு தன்னோட அக்கவுண்டைப் போட்டுக்கிட்டா, ஆறு இருபது அலாரம் அப்படியே தான் அடிக்குது.

நீங்களும் நாளைக்கு காலையில நின்னதும் பிளே அழுத்தாதீங்க. அழுத்தினா சீட்டு உங்களுக்கு வந்துடும், எதிராளி பேர் மறைஞ்சிடும். முதல்ல அந்த டிவைஸ் ஐகானைத் தொட்டு பேரைப் பாருங்க, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க, நேரத்தோட பதிவாகும். பேர் தெரிஞ்ச பொருளா இருந்தா வேலை முடிஞ்சுது. வெறும் போன் மாடல் பேரோ வெப் பிளேயர்னோ வந்தா, கடைசியா கேட்ட பாட்டு லிஸ்ட்டைப் பாருங்க, நீங்க கேக்காத பாட்டு என்ன மாதிரின்னு பார்த்தா ஆளையே சொல்லிடலாம். குழந்தைப் பாட்டுன்னா சொந்தக்கார வீடு. உங்களுக்குத் தெரியாத ஏதோ பாஷையில பாட்டுங்க வரிசையா இருந்தா அது தான் உண்மையான திருட்டு, பெரும்பாலும் வேற ஏதோ சைட்ல இதே பாஸ்வேர்டை வெச்சிருந்து அங்க இருந்து வெளிய போயிருக்கும்.

பழைய போனையும் மறக்காதீங்க. வீட்ல டிராயர்லயோ கார் டேஷ்போர்டுலயோ சிம் இல்லாம கிடக்கும், வீட்டு வைஃபைல ஒட்டிட்டு இருக்கும். நிறைய கார் ஸ்டீரியோ புளூடூத் சேர்ந்ததும் தானாவே "பிளே"ன்னு ஒரு கட்டளை அனுப்பிடும். காலையில யாரோ காரை வெளிய எடுக்குறாங்க, அந்தப் பழைய போன் தானா பாட ஆரம்பிக்குது, யாருமே எதையும் தொடல, உங்க வாக்கிங் பாட்டு நிக்குது. காரை எடுக்குற நேரமும் நிக்கிற நேரமும் ஒத்துப் போகுதான்னு ரெண்டு நாள் பாருங்க.

வெளி ஆள்னு தெரிஞ்சா செய்யற வரிசை முக்கியம். முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க, கூகுள் வழியா லாகின் பண்றவரா இருந்தா கூகுள் பாஸ்வேர்டை. அப்புறம் ஸ்பாடிஃபை வெப்சைட்ல அக்கவுண்ட் பக்கத்துல Sign out everywhere கொடுங்க. வரிசையை மாத்தி முதல்ல வெளியேத்தினா, பழைய பாஸ்வேர்ட் அவர் கையில இருக்கே, ஒரே நிமிஷத்துல திரும்ப உள்ள வந்துடுவாரு. அந்த பட்டன் போன், கம்ப்யூட்டர், பிரவுசர் எல்லாத்தையும் வெளியேத்தும், ஆனா ஸ்பீக்கர், டிவி, கேம் கன்சோல் மாதிரி இணைச்ச பொருளுங்க அதுல அடங்காது. அதுக்கு அதே அக்கவுண்ட்ல ஆப்ஸ் பக்கத்துக்குப் போய் ஒவ்வொண்ணுக்கும் Remove access அழுத்தணும். இந்தக் கடைசிப் படியை விட்டுட்டுத்தான் பாதிப் பேர் "எல்லாம் பண்ணிட்டேன், இன்னும் நிக்குது"ன்னு வர்றாங்க. அக்கவுண்ட்ல இருக்கிற மெயில் ஐடி உங்களோடது தானான்னும் அப்போவே பார்த்துடுங்க.

எடுத்துக்கிட்டது வீட்டு ஆளே தான், அவங்களும் கேக்கணும், நீங்களும் கேக்கணும்னா வழி இருக்கு. நீங்க வாக்கிங் போறப்ப கேக்குற பாட்டுங்களை வைஃபைல இருக்கிறப்பவே டவுன்லோடு பண்ணி, செட்டிங்ஸ்ல Offline mode போட்டுட்டு கிளம்புங்க. அந்த மோடுல ஆப் சர்வரோட பேசுறதே இல்ல, சீட்டும் கேக்காது, நிறுத்திக்கோங்கிற சேதியும் வந்து சேராது. ஸ்பாடிஃபைல அஞ்சு டிவைஸ் வரைக்கும், ஒவ்வொண்ணுலயும் பத்தாயிரம் பாட்டு வரைக்கும் இறக்கிக்கலாம், முப்பது நாளைக்கு ஒரு தடவையாவது நெட்ல காட்டிடணும், இல்லன்னா இறக்கினது போயிடும். சிக்னல் போய் வர்ற நம்ம ரோட்டுக்கு இது எப்படியும் நல்ல பழக்கம், பேட்டரியும் மிச்சம். ஆனா இது நீங்க ஒரு ஆள் உங்க டிவைஸ்ல பண்றதுக்கு. ரெண்டு பேர் நிரந்தரமா ஒரு அக்கவுண்டை இப்படி ஓட்டுறது அவங்க விதிப்படி தப்பு, அதுக்கு ஒரு ஆளுக்கு மேல சேர்ந்து போடுற பிளான் தனியா இருக்கு. அந்த மாதிரி பிளானை பெரும்பாலும் ஒரே முகவரியில இருக்கிறவங்களுக்குன்னு தான் போட்டிருப்பாங்க, அதனால பிடுங்குறது வேற ஊர்ல இருக்கிற சொந்தம்னா, அவங்க தனியா ஒரு பிளான் போட்டுக்கிறது தான் சரி.

நான் இங்க இருந்து உங்க அக்கவுண்டைப் பார்க்க முடியாது, அதனால ஸ்பீக்கரா, காரா, திருடனான்னு இப்போவே அடிச்சு சொல்ல மாட்டேன். நீங்க எழுதினதை வெச்சுப் பார்த்தா என் பந்தயம் அலாரம் வெச்ச ஏதோ ஒரு பொருள் மேல தான், ஏன்னா திருடன் தினமும் உங்க வாக்கிங் நேரத்துக்கு மட்டும் எந்திரிச்சு பாட்டு கேக்க மாட்டான். ரெண்டு மூணு நாள் நின்ன நேரத்தையும், ஐகான்ல வந்த பேரையும், கடைசி வருஷம் ரெண்டு வருஷத்துல யாருக்காவது ஸ்பீக்கரோ டேப்லெட்டோ டிவியோ கொடுத்தீங்களான்னும் இதுக்குக் கீழே எழுதுங்க, பார்த்துட்டு சொல்றேன்.